மோட்டார் மவுண்ட் ஏன் எப்போதும் மூலையிலேயே உடைகிறது?

என் மேசை டிராயரில், ரிமோட் விமானத்தின் மோட்டாரைப் பிடிக்க 3டி பிரிண்டரில் அடித்து வீணாய்ப்போன மோட்டார் மவுண்டுகள் ஏழு கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. அவற்றில் ஆறு ஒரே இடத்தில், எல் வடிவத்தின் மூலையில், கத்தியால் வெட்டினாற்போல உடைந்தவை. ஒவ்வொரு முறை உடைந்ததும் நான் செய்தது ஒன்றுதான். பிரிண்டருக்குப் பாகத்தைத் தயார் செய்யும் ஸ்லைசர் மென்பொருளைத் திறந்து, உள்ளே எவ்வளவு நிரப்புவது என்று சொல்லும் இன்ஃபிலை ஏற்றினேன். 20 சதவீதம், 40, 60, கடைசியில் 100. மவுண்ட் கனத்துக்கொண்டே போனது, உடைவது மட்டும் நிற்கவில்லை.

3டி பிரிண்டர் வாங்கி விமானத்துக்கோ டிரோனுக்கோ பாகம் அடிக்கத் தொடங்கும் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அலமாரியில் நிற்கும் பொம்மைக்கு இன்ஃபில் எவ்வளவு என்பது பெரிய கேள்வி இல்லை. பறக்கிற பாகத்துக்கோ கேள்வியே வேறு: பிளாஸ்டிக் இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, அவை பாகத்தின் எந்த இடத்தில் இருக்கின்றன? இதை அந்த மோட்டார் மவுண்டை வைத்தே பார்ப்போம்.

முதலில் அதன் அளவுகள். விமானம் ஒரு மீட்டர் இறக்கை கொண்ட ஃபோம்போர்டு விமானம். 2212 அளவுள்ள 1000 கேவி மோட்டார், 3 செல் பேட்டரி, 9 அங்குல புரொப்பெல்லர். மவுண்டின் முன்தட்டு 30 மி.மீ. சதுரம், அதில் மோட்டார் உட்காரும். அதன் கீழ்விளிம்பிலிருந்து பின்னோக்கிப் படுத்திருக்கும் கால் 45 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம். இரண்டுக்கும் தடிமன் 5 மி.மீ. காலை நான்கு எம்3 போல்ட் போட்டு மூக்கில் உள்ள பிளைவுட் பலகையில் பிடித்திருக்கிறேன்.

இந்தச் சின்னத் துண்டு மூன்று விதமாக அடிவாங்குகிறது. ஒன்று, மோட்டார் முன்னால் இழுக்கும் இழுப்பு. முழு த்ராட்டிலில் அது முக்கால் கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல இருக்கும். மவுண்ட் உடைவது பெரும்பாலும் இதனால் இல்லை. இரண்டாவது அதிர்வு. மூன்றாவது, மூக்கு தரையில் குத்தும் அந்த ஒரு நொடி.

அதிர்வைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கணக்குப் போட்ட பிறகுதான் புத்தி வந்தது. புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு பிளேடு மற்றதைவிட வெறும் 0.1 கிராம் கனமாக இருக்கிறது, அந்தக் கூடுதல் எடை மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்த வேகத்தில் 0.1 கிராம் மவுண்டை இழுக்கும் விசை சுமார் 3.5 நியூட்டன். அதாவது 350 கிராமுக்கு மேல் எடையை மோட்டார் அச்சில் கட்டி, நொடிக்கு 133 தடவை எல்லாப் பக்கமும் சுழற்றி இழுப்பதுபோல. பத்து நிமிடம் பறந்தால் எண்பதாயிரம் இழுப்பு. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே வேலைதான் மூலையில் நடக்கிறது. ஒவ்வொரு மடக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, ஆனால் ஓய்வில்லாமல் நடக்கிறது. அதனால் பிரிண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே புரொப்பெல்லரை பேலன்சரில் மாட்டிப் பாருங்கள். கனமான பிளேடின் பின்பக்கத்தை மணல்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

உடைந்த முகம் சொல்வது

உடைந்த மவுண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுங்கள். உடைந்த இடம் தட்டையாக, மழமழவென்று, இணையான கோடுகளோடு இருந்தால் பிளாஸ்டிக் உடையவில்லை, பிரிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களுக்கு இடையே ஒட்டியிருந்தது விட்டுப்போயிருக்கிறது. அதுவே கிழிந்தாற்போல மேடுபள்ளமாக, வெளுத்துப்போன இழைகளோடு இருந்தால் பிளாஸ்டிக் தன்னால் முடிந்தவரை தாங்கிவிட்டுத்தான் போயிருக்கிறது. என் டிராயரில் உள்ள ஆறும் முதல் ரகம்.

விறகு பிளக்கிறவர் கட்டையை நிறுத்தி வைத்துத்தான் கோடாலி போடுவார். நார் ஓடும் வாக்கில் போட்டால் ஒரே வெட்டில் பிளக்கும். குறுக்கே போட்டால் கை வலிக்கும். பிரிண்ட் செய்த பாகமும் அப்படித்தான். இழை ஓடும் திசையில் இழுத்தால் பிளாஸ்டிக்கையே அறுக்க வேண்டும். லேயர்களைப் பிரிக்கும் திசையில் இழுத்தால், சூடான ஒரு லேயர் ஏற்கெனவே ஆறிவிட்ட லேயர் மேல் உட்கார்ந்து ஒட்டிய ஒட்டு மட்டும்தான் தாங்குகிறது. அது எப்போதும் பலவீனம், பல சமயம் பாதி பலம்கூட இருக்காது.

நான் செய்த தப்பு இதுதான். முன்தட்டைப் பிரிண்டரின் பெட் தட்டில் படுக்க வைத்து, காலைச் சுவர்போல மேலே எழுப்பி அடித்தேன். பார்க்க அழகாக வரும், சப்போர்ட் தேவையில்லை, மோட்டார் ஓட்டைகள் கச்சிதமான வட்டமாக வரும். ஆனால் கால் முழுக்க லேயர்கள் அதன் நீளத்துக்குக் குறுக்கே அடுக்கி நிற்கின்றன. மோட்டார் ஆடும்போது மூலை வளைகிறது. வளையும்போது காலின் ஒரு முகம் அதன் நீளவாக்கில் இழுபடுகிறது, அதாவது லேயர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் திசையில். மூலைதான் அதிகம் வளையும் இடம், அதனால் அங்கேயே விடுகிறது. இன்ஃபிலை 100 வைத்தால் ஒட்டும் பரப்பு கூடுகிறது, கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. ஆனால் திசை மாறவில்லையே.

அதே மவுண்டைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். எல் எழுத்தைக் காகிதத்தில் எழுதினால் எப்படித் தெரியுமோ அப்படிப் பெட்டில் படுக்க வேண்டும். 30 மி.மீ. அகலம் இப்போது உயரமாகிவிடும். 0.2 மி.மீ. லேயரில் 150 லேயர். ஒவ்வொரு லேயரிலும் நாஸில் காலில் தொடங்கி, மூலையில் திரும்பி, முன்தட்டின் உச்சிவரை அறுபடாமல் இழை போட்டுக்கொண்டு போகிறது. மூலை வளைந்தால் இப்போது அந்த இழைகளையே அறுக்க வேண்டும்.

அப்படியானால் பக்கவாட்டில் அடி விழுந்தால் லேயர் பிரியாதா? பிரியலாம். விமானம் இறக்கை நுனியில் விழுந்து சுழலும்போது மோட்டார் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது, அந்த விசை லேயர்களை ஒன்றின்மேல் ஒன்று நழுவவைக்கப் பார்க்கிறது. ஆனால் அந்தத் திசையில் மவுண்டுக்கு 30 மி.மீ. அகலம் இருக்கிறது, மற்றத் திசையில் 5 மி.மீ. தடிமன்தான். ஒரே குறுக்குவெட்டை அகலவாக்கில் வளைத்து ஒடிக்க, தடிமன்வாக்கில் ஒடிப்பதைவிட இங்கே ஆறு மடங்கு விசை வேண்டும். பலவீனமான ஒட்டை அகலம் அதிகமுள்ள திசைக்குத் தள்ளிவிட்டு, பலமான இழையை மெல்லிய திசைக்கு வைத்துக்கொள்கிறோம். எந்தப் பாகத்தைப் பெட்டில் எப்படிப் படுக்கவைப்பது என்று யோசிக்கும்போதும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் பக்கம் மெலிசாக இருக்கிறது, அந்தப் பக்கம் வளையும்போது இழை இழுபடுகிறதா, ஒட்டு இழுபடுகிறதா?

சாய்த்து அடிப்பதில் ஒரு சின்னத் தொல்லை. மோட்டார் ஓட்டைகள் படுக்கைவாட்டில் வருவதால் மேல்பக்கம் லேசாகத் தொங்கி முட்டை வடிவமாகும். 3 மி.மீ. டிரில் பிட்டைக் கையாலேயே சுழற்றி எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இன்னொன்று, எல்-இன் உள்மூலையைக் கூராக விடாமல் 5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்துவிடுங்கள். கூர்மூலையில் விசையெல்லாம் ஒரே கோட்டில் குவியும், விரிசல் அங்கேதான் முளைக்கும். இந்த வளைவுக்கு ஆகும் பிளாஸ்டிக் கால் கிராமுக்கும் குறைவு.

இன்ஃபில் எவ்வளவு?

இப்போது எடைக்கு வருவோம். நாஸில் 0.4 மி.மீ., ஒரு இழையின் அகலம் 0.45 மி.மீ. என்று வையுங்கள். பாகத்தின் ஓரத்தைச் சுற்றி ஓடும் இழை ஒவ்வொன்றும் ஒரு சுவர். நான்கு சுவர் வைத்தால் ஒரு பக்கம் 1.8 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 3.6. ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் இன்ஃபிலுக்கு மிஞ்சுவது நடுவில் 1.4 மி.மீ. இடுக்குதான். அதை 15 சதவீதம் நிரப்பினாலும் 40 நிரப்பினாலும் மவுண்டின் குணம் பெரிதாக மாறப்போவதில்லை.

பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் இந்த மவுண்டை முழுக்கக் கெட்டியாக அடித்தால் 13 கிராம் வரும். நான்கு சுவர், 15 சதவீத இன்ஃபில் என்றால் சுமார் 10 கிராம். சுவரை இரண்டாகக் குறைத்து இன்ஃபிலை 60-க்கு ஏற்றினாலும் அதே 10 கிராம்தான். எடை ஒன்று, பலம் ஒன்றல்ல. ஒரு பட்டை வளையும்போது அதன் வெளிமுகங்கள்தான் அதிகம் இழுபடுகின்றன, நசுங்குகின்றன. நடுப்பகுதி கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. மூங்கில் நடுவில் ஓட்டையாக இருந்தும் ஏன் தாங்குகிறது? சதையெல்லாம் ஓரத்தில் இருப்பதால். நான்கு சுவர் வைக்கும்போது அந்த 10 கிராம் ஓரத்துக்குப் போகிறது, அதுவும் நீளவாக்கில் ஓடும் இழையாக. இரண்டு சுவரும் 60 சதவீதமும் வைத்தால் அதில் பெரும்பங்கு நடுவில், குறுக்கும் நெடுக்குமாக, துண்டுதுண்டாகக் கிடக்கிறது.

ஸ்லைசரில் இந்தச் சுவர் எண்ணிக்கையின் பெயர் ஆளுக்கொன்று. OrcaSlicer-இல் `Wall loops`, PrusaSlicer-இல் `Perimeters`, Cura-வில் `Wall Line Count`. பறக்கும் பாகம் என்றால் நான் முதலில் தொடும் எண் இதுதான். இன்ஃபிலுக்கு `Gyroid` வடிவம், 10 முதல் 15 சதவீதம், அதோடு விட்டுவிடுகிறேன். அது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரேமாதிரி தாங்கும். அடிக்கும்போது நாஸில் பழைய இழைகளின் மேல் முட்டுவதும் குறைவு.

இன்ஃபில் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: போல்ட் ஓட்டையைச் சுற்றி. போல்ட்டை இறுக்கும்போது இரண்டு சுவர்களும் நடுவில் உள்ள காலி இடத்தை நோக்கி நசுங்குகின்றன. இரண்டு பறப்புக்குப் பிறகு அந்த இறுக்கம் தளர்ந்து, போல்ட் ஆடத் தொடங்கும். அதனால் OrcaSlicer அல்லது PrusaSlicer-இல் `Add modifier` போய், ஒவ்வொரு ஓட்டையின் மேலும் 8 மி.மீ. உருளை ஒன்றை வைத்து அங்கே மட்டும் 100 சதவீதம் கொடுக்கிறேன். மோட்டாருக்கு நான்கு, காலுக்கு நான்கு, மொத்தம் எட்டு ஓட்டைக்கும் சேர்த்து அரை கிராம்தான் கூடுகிறது. போல்ட் தலைக்கு அடியில் வாஷர், பின்னால் நைலாக் நட். ஏபிஎஸ் பாகத்தில் திரெட்லாக் பசையைத் தொடவே விடாதீர்கள், அது பட்ட இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

எடையைப் பற்றி ஒரு கிளைக்கதை. மவுண்ட் மூக்கில் இருக்கிறது, என் விமானமோ வால்கனம். அதனால் மவுண்டில் மூன்று கிராம் மிச்சம் பிடித்தால் அந்த மூன்று கிராமை ஈயமாகத் திரும்ப மூக்கிலேயே வைக்க வேண்டியிருக்கும்! கஞ்சத்தனம் காட்ட வேண்டிய இடம் வால். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 60 செ.மீ., மூக்கு 20 செ.மீ. என்றால், வாலில் கூடும் ஒரு கிராமுக்கு மூக்கில் மூன்று கிராம் வைக்க வேண்டும். ஆக மொத்தம் நான்கு கிராம். வாலில் உள்ள கன்ட்ரோல் ஹார்னை இரண்டு சுவரில், முடிந்தவரை மெலிசாக அடியுங்கள். மூக்கில் தாராளமாக இருக்கலாம்.

எந்த பிளாஸ்டிக்?

பிஎல்ஏ அடிப்பது சுலபம், விறைப்பும் அதிகம். ஆனால் 55-60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். 2212 மோட்டார் ஐந்தாறு நிமிடம் வேலை வாங்கினால் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும், அந்தச் சூடு நேராக முன்தட்டில் இறங்கும். என் ஏழாவது மவுண்ட் உடையவே இல்லை. மோட்டார் மெதுவாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து, போல்ட் தலைகள் தட்டுக்குள் புதைந்திருந்தன. விமானம் திடீரென்று த்ராட்டில் கொடுத்தால் மூக்கைக் குத்துகிறதே என்று இரண்டு வாரம் டிரிம்மோடு மல்லுக்கட்டினேன். காரணம் மவுண்டில் இருந்தது. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் மோட்டார் ஓடாமலேயே இது நடக்கும்.

பிஇடிஜி 80 டிகிரிவரை தாங்கும், விறைப்பு கொஞ்சம் குறைவு. அடிபட்டால் பிஎல்ஏபோல் சட்டென்று உடையாமல் முதலில் வளைந்து வெளுக்கும். மவுண்டுக்கு என் தேர்வு இதுதான். ஏபிஎஸ், ஏஎஸ்ஏ இரண்டும் இன்னும் சூடு தாங்கும், எடையும் குறைவு. ஆனால் மூடிய பிரிண்டர் இல்லாவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும், லேயர் பிரியும், புகையும் நல்லதல்ல. கையில் இருப்பது திறந்த பிரிண்டர் என்றால் அந்த வம்பு வேண்டாம்.

பிஇடிஜியில் லேயர் நன்றாக ஒட்ட வேண்டுமானால் அதைச் சூடாகவே அடிக்க வேண்டும். நான் நாஸிலை 245 டிகிரியில் வைத்து, ஃபேனை 30 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. ஃபேன் வேகமாக ஓடினால் ஓரங்கள் அழகாக வரும், ஒட்டு போய்விடும். ஃபிலமென்ட் ஈரமாக இருந்தாலும் அதே கதி. அடிக்கும்போது நாஸிலில் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம் கேட்டாலோ, மேல்பரப்பு பொரித்த அப்பளம்போலக் குமிழ்விட்டாலோ, ரீலை 65 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்திவிட்டு மறுபடி அடியுங்கள். கடலோர ஊர்களில் திறந்து வைத்த ரீல் ஈரமாக அதிக நாள் எடுத்துக்கொள்ளாது.

டிபியு என்ற ரப்பர் போன்ற ஃபிலமென்ட் உடையவே உடையாது, அப்புறம் ஏன் எல்லாவற்றையும் அதிலேயே அடிக்கக்கூடாது என்று தோன்றும். டிரோனில் ஆன்டெனா பிடிப்பான், கேமரா மவுண்ட், இறங்கும் கால் இவற்றுக்கெல்லாம் அதைவிடச் சிறந்தது இல்லை. வளைந்து அடியை விழுங்கிவிட்டுத் திரும்பப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மோட்டாரைத் தாங்கும் பாகத்துக்கு மட்டும் ஆகாது. மோட்டார் தலையாட்டத் தொடங்கினால் அந்த ஆட்டம் அதிர்வைப் பெருக்கும். டிரோன் கைகளைப் பிஎல்ஏயில் அடிப்பதும் இதே காரணத்தால் சரிப்படாது. கார்பன் ஃபைபர் தட்டு பிஎல்ஏயைவிடப் பல மடங்கு விறைப்பு. பிளாஸ்டிக் கை அதிரும்போது ஃப்ளைட் கன்ட்ரோலரின் ஜைரோ அதை உண்மையான சாய்வு என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும், மோட்டார்கள் காரணமில்லாமல் சூடேறும். பறந்து வந்ததும் நான்கு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விழும்போது எது உடையலாம்?

எவ்வளவு பார்த்துப் பார்த்து அடித்தாலும் மூக்கு ஒரு நாள் தரையில் குத்தத்தான் போகிறது. எதுவுமே உடையாத மூக்கைச் செய்துவிட்டால் அந்த அடி மோட்டார் அச்சுக்கும், பின்னால் ஃபோம்போர்டு உடலுக்கும் போகும். அச்சு வளைந்தால் மோட்டாரே மாற்ற வேண்டும். அதனால் மோட்டாரை முன்தட்டில் எஃகு போல்ட்டாலும், காலைப் பிளைவுட்டில் நைலான் எம்3 போல்ட்டாலும் பிடிக்கிறேன். பறக்கும்போதுள்ள இழுப்புக்கு நான்கு நைலான் போல்ட் தாராளம். நேராகக் குத்தினால் அவை நறுக்கென்று அறுந்து, மவுண்ட் மோட்டாரோடு கழன்று வயரில் தொங்கும். அதற்கு மோட்டார் வயரில் நான்கைந்து செ.மீ. தளர்வு விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கனெக்டர் பிய்த்துக்கொண்டு வரும். நைலான் நாளடைவில் தளரும், ஐந்தாறு பறப்புக்கு ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

விழுந்த மவுண்ட் முழுசாக இருந்தாலும் அப்படியே திரும்பப் போடாதீர்கள். கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் உள்மூலையையும் ஓட்டைகளின் ஓரத்தையும் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா? கையால் லேசாக வளைத்தால் கறக் கறக்கென்று சத்தம் வருகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அது டிராயருக்குப் போகட்டும்.

உங்கள் பிரிண்டரில் ஒட்டு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். 60 மி.மீ. நீளம், 10 அகலம், 4 தடிமன் உள்ள பட்டை இரண்டு அடியுங்கள். ஒன்று படுத்தபடி, இன்னொன்று நின்றபடி. நிற்பது ஆடாமலிருக்க அடியைச் சுற்றி மெல்லிய விளிம்பாக அகலும் பிரிம் வையுங்கள். இரண்டையும் கையால் வளைத்துப் பாருங்கள். என்னிடம் படுத்து அடித்தது வளைந்து வெளுத்து இடுக்கி போட்ட பிறகுதான் பிரிந்தது. நின்று அடித்தது பிஸ்கட் ஒடிவதுபோல ஒடிந்தது, உடைந்த முகம் அந்த ஆறு மவுண்டுகளின் மூலையில் இருந்ததைப் போலவே மழமழவென்று இருந்தது.